கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டின் ஸ்பெசிஃபிகேஷன் பட்டியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பில்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. சென்னைப் புறநகரில் கட்டிக்கொண்டிருந்த ஃபிளாட் ஒன்றை வாங்கி, சாவி கைக்கு வந்த பிறகு எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் சில வருடம் செயலாளராக இருந்தேன். அதனாலேயே தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று பலர் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். வீட்டில் என்னென்ன பொருள், எவ்வளவு, எந்தத் தரத்தில் வரும் என்று சொல்லும் ஸ்பெசிஃபிகேஷன் பட்டியலைப் பற்றி அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஸ்பெசிஃபிகேஷன்னு தனியா ஒரு பேப்பரும் தரலையே, அது எங்க இருக்கும்?

கட்டுமான ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் பாருங்கள். தமிழ்நாட்டில் நிலத்தின் பிரிக்கப்படாத பங்குக்கு ஒரு ஆவணம், வீடு கட்டித் தருவதற்கு இன்னொன்று என்று இரண்டாகப் போடுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. அப்படிப் போட்டிருந்தால் ஸ்பெசிஃபிகேஷன் இரண்டாவதில், 'அட்டவணை' அல்லது 'இணைப்பு' என்ற தலைப்பின் கீழ் ஒன்றிரண்டு பக்கத்துக்கு இருக்கும். முன்பக்கங்களில் விலையும் தவணையும் பார்த்த களைப்பில் பெரும்பாலோர் இதைப் புரட்டுவதே இல்லை.

இணைப்பே இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், நாம் ரெரா என்று சொல்வது, அதன் 13-ஆம் பிரிவில் இரண்டு விஷயம் சொல்கிறது. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் பில்டர் மொத்த விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. அந்த ஒப்பந்தத்தில் கட்டுமான விவரமும் ஸ்பெசிஃபிகேஷனும் இருக்க வேண்டும். இணைப்புப் பக்கங்களிலும் இரு தரப்புக் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரோஷர்ல எல்லாம் விவரமா போட்டிருக்காங்க. மாடல் ஃபிளாட்டும் பார்த்தாச்சு. அது போதாதா?

சட்டப்படி அவற்றுக்கும் மதிப்பு உண்டு. விளம்பரத்திலோ, பிரோஷரிலோ, மாடல் ஃபிளாட்டிலோ காட்டிய பொய்யான தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டால் ரெராவின் 12-ஆம் பிரிவின்படி இழப்பீடு கேட்கலாம். ஆனால் பிரோஷரின் அடியில் பொடி எழுத்தில் 'படங்கள் கற்பனையே' என்று இருக்கும். மாடல் ஃபிளாட்டில் இருந்த தொங்கு விளக்கும் சமையலறை அலமாரியும் அலங்காரத்துக்கு வைத்தவை என்பார்கள். வழக்காடி ஜெயிப்பதைவிட, ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பது சுலபம்.

மாடல் ஃபிளாட்டுக்குப் போகும்போது சோபாவை விட்டுவிட்டுத் தரை, குழாய், ஸ்விட்ச், கதவு விளிம்பு இவற்றைப் படம் எடுங்கள். 'இதில் எவை எங்கள் வீட்டில் வரும், எவை வராது?' என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வந்தாலும் நல்லது. வராமல் போனால் அதுவும் ஒரு தகவல்தான்.

பட்டியலைப் படிச்சேன். எல்லாம் சரியாத்தான் இருக்கற மாதிரி தெரியுது. எதைக் கவனிக்கணும்?

பொருளின் பெயரைவிட, பக்கத்தில் ஒட்டியிருக்கும் சொற்களைக் கவனியுங்கள். 'முன்னணி நிறுவனத் தயாரிப்பு', 'அல்லது அதற்கு இணையான', 'தேவையான இடங்களில்', 'ப்ரொவிஷன்' ஆகிய நான்கும்தான் பட்டியலின் ஓட்டைகள். எந்த நிறுவனம் முன்னணி என்று யார் சொல்வது? எத்தனை இடம் தேவை என்று யார் முடிவு செய்வது? பதில் எழுதப்படாத இடத்தில் பில்டரின் பதில்தான் நிற்கும்.

நான் ஒவ்வொரு வரியிடமும் மூன்று கேள்வி கேட்பேன். என்ன பொருள், எத்தனை அல்லது எவ்வளவு, கண்ணால் பார்த்து எப்படி உறுதி செய்வது. 'குளியலறையில் தரமான சுவர் டைல்ஸ்' என்ற வரி மூன்றிலும் தோற்றுவிடும். 'குளியலறைச் சுவரில் தரையிலிருந்து 7 அடி உயரத்துக்கு, நான்கு பக்கமும், 300-க்கு 600 மி.மீ. செராமிக் டைல்ஸ்' என்பது தேறும். டேப் வைத்து அளந்துவிடலாம். '7 அடி வரை' என்று மட்டும் எழுதியிருந்தால் ஷவர் பக்கம் 7 அடியும் மற்ற பக்கங்களில் 4 அடியும் ஒட்டிவிட்டு, அதுவும் 'வரை'தான் என்று வாதாடலாம். பார்த்திருக்கிறேன்.

ஏசி 'ப்ரொவிஷன்'னு போட்டிருக்கு. பாயிண்ட்னா அதுதானே?

இல்லை. நான் மாட்டிக்கொண்டதே இந்த வரியில்தான். என் ஒப்பந்தத்தில் 'பெரிய படுக்கையறையில் ஏசி பாயிண்ட், மற்ற படுக்கையறையில் ஏசிக்கான ப்ரொவிஷன்' என்று இருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். சாவி வாங்கப் போனபோது பெரிய அறையில் வயர், சாக்கெட், ஸ்விட்ச், மெயின் போர்டில் அதற்கென்று, லோடு கூடினால் தானாக விழும் எம்சிபி ஒன்று எல்லாம் இருந்தன. சின்ன அறையில் சுவருக்குள் ஒரு பிளாஸ்டிக் பைப், அதன் முனையில் மூடி போட்ட காலிப் பெட்டி, அவ்வளவுதான். வயர் இல்லை, மெயின் போர்டில் எம்சிபிக்கு இடம் மட்டும் இருந்தது.

அவர்கள் ஒப்பந்தத்தை மீறவில்லை என்பதுதான் எரிச்சல். கட்டுமானத் துறையில் ப்ரொவிஷன் என்றால் பின்னால் பொருத்திக்கொள்ள வழி விட்டிருப்பது. பாயிண்ட் என்றால் வேலை முடிந்திருப்பது. கீசர், வாட்டர் பியூரிஃபையர், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் எல்லாவற்றிலும் இதே வித்தியாசம் உண்டு. வாஷிங் மெஷின் ப்ரொவிஷன் என்றால் தண்ணீர்க் குழாய் உண்டா, கழிவுநீர் வழி உண்டா, 16 ஆம்ப்ஸ் சாக்கெட் உண்டா என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்.

'அல்லது அதற்கு இணையான'ங்கறதை எடுக்கச் சொன்னா பில்டர் ஒத்துக்க மாட்டேங்கறாரே?

ஒத்துக்கொள்ளாததில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஒப்பந்தம் போட்டதிலிருந்து குழாய் பொருத்தும் நாள் வரை இரண்டு, மூன்று வருடம் ஓடிவிடும். அதற்குள் அந்த மாடல் சந்தையிலேயே இல்லாமல் போகலாம். ஆகவே அந்தச் சொல்லை நீக்கச் சொல்லிச் சண்டை போடுவதைவிட, அதற்கு வேலி போடுங்கள்: 'இணையானது என்றால் அதே ஐ.எஸ். தரத்தில், அதே விலைக்குக் குறையாமல், வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் பெற்ற பின்.' இதற்குப் பெரும்பாலும் தலையசைப்பார்கள். ஐ.எஸ். என்பது பொருளின் இந்தியத் தர எண்.

இன்னொன்று, பிராண்டு பெயர் மட்டும் போதவே போதாது. ஒரே நிறுவனம் மலிவான குழாயும் செய்யும், பல மடங்கு விலையுள்ள குழாயும் செய்யும். பிராண்டுக்குப் பக்கத்தில் சீரிஸ் பெயரை எழுதச் சொல்லுங்கள். டைல்ஸுக்கு அடிப்படை விலை எழுதுவது நல்ல வழி. 'சதுர அடிக்கு 55 ரூபாய் அடிப்படை விலையில்' என்றால் வரி சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த அடிப்படை விலைக்கு மேல நல்ல டைல்ஸ் கேட்டேன். எக்ஸ்ட்ரா பில் தலை சுத்துது, இது சரியா?

பழைய டைல்ஸின் விலையைக் கழித்தார்களா என்று முதலில் பாருங்கள். அனேகமாக அங்கேதான் இடிக்கும். ஒரு நண்பரின் கணக்கைச் சொல்கிறேன். தரை 620 சதுர அடி, வெட்டுக்கும் உடைசலுக்கும் 8 சதவீதம் சேர்த்தால் சுமார் 670. ஒப்பந்தத்தில் அடிப்படை விலை 55 ரூபாய், அவர் தேர்ந்தெடுத்தது 90 ரூபாய். வித்தியாசம் 35. ஆக அவர் தர வேண்டியது 23,450 ரூபாய்.

பில்லில் வந்தது 60,300. முழு 90 ரூபாயையும் போட்டிருந்தார்கள். 55 ரூபாய் டைல்ஸுக்கான 36,850 ரூபாய் வீட்டின் விலையிலேயே ஏற்கனவே இருக்கிறது என்று எழுதிக் காட்டியதும் திருத்திவிட்டார்கள். ஒட்டும் கூலியிலும் இதே கதை வரும். பெரிய டைல்ஸுக்குக் கூலி கூடுதல் என்றால் வித்தியாசத்தை மட்டும் கொடுங்கள். வேலை தொடங்கும் முன் 'கூடுவது இவ்வளவு, கழிவது இவ்வளவு' என்று எழுத்தில் வாங்கிவிட்டால் இந்தத் தலைசுற்றலே இருக்காது.

எலெக்ட்ரிக்கல்ல 'தேவையான பாயிண்டுகள், காப்பர் வயரிங்'னு ஒரே வரிதான் இருக்கு. என்ன எழுதி வாங்கணும்?

அறைவாரியாகப் பாயிண்ட் எண்ணிக்கையும் வயரின் கனமும். வீட்டின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஒரு மாலை உட்காருங்கள். கட்டில் எங்கே போடுவீர்கள், அதன் இருபுறமும் சார்ஜ் போட சாக்கெட் வேண்டுமா, டிவி எந்தச் சுவரில், ஃபிரிட்ஜ் எங்கே, மிக்ஸியும் மைக்ரோவேவும் ஒரே நேரத்தில் ஓடுமா என்று பென்சிலால் குறியுங்கள். அதுதான் உங்கள் பாயிண்ட் பட்டியல். பில்டரிடம் எலெக்ட்ரிக்கல் டிராயிங் இருக்கும். அதோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகும் பிரதியில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

வயர் கனத்தில் பரவலாகக் கடைப்பிடிப்பது இது: விளக்கு, ஃபேனுக்கு 1.5 சதுர மி.மீ., 16 ஆம்ப்ஸ் சாக்கெட்டுக்கு 2.5, ஏசிக்கு 4. எலெக்ட்ரீஷியன்கள் இதை 'ஒன்றரை எம்எம், ரெண்டரை எம்எம்' என்றே சொல்வார்கள். ஏசிக்கும் கீசருக்கும் மெயின் போர்டிலிருந்து தனித்தனி லைன் வர வேண்டும். இடையில் வேறு சாக்கெட் எடுத்திருந்தால் கீசர் போடும்போது எம்சிபி அடிக்கடி விழும். 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி என்ற வரியும் இருக்கட்டும். உடம்பில் மின்சாரம் கசிந்தால் சட்டென்று துண்டிப்பது அதுதான். எம்சிபி அந்த வேலையைச் செய்யாது.

வயர் எல்லாம் சுவத்துக்குள்ள போயாச்சு. 4 எம்எம்மா, 2.5-ஆன்னு இனிமே எப்படித் தெரியும்?

வயரின் மேல் தோலிலேயே அச்சடித்திருக்கும். தயாரித்த நிறுவனம், கனம், ஐ.எஸ். 694 என்ற தர எண் எல்லாம் திரும்பத் திரும்ப வரும். ஏசி சாக்கெட்டின் பிளேட்டைக் கழற்றினால் உள்ளே சுருட்டி வைத்த வயரில் படிக்கலாம். மெயினை அணைத்துவிட்டு, தெரிந்த எலெக்ட்ரீஷியனை வைத்துத்தான் செய்ய வேண்டும். நீங்களே திருப்புளியோடு இறங்காதீர்கள்.

ஒரு பிளேட்டோடு நிறுத்திவிட வேண்டாம். சாக்கெட் முனையிலும் மெயின் போர்டு முனையிலும் ஒரே கனம் இருக்க வேண்டும். நடுவில் மெல்லிய வயரை ஒட்டுப் போட்டிருந்தால் இரு முனையிலும் அது தெரியாது என்பது இந்தச் சோதனையின் எல்லை. வயர் இழுக்கும் நாளில் போய்ப் பார்த்திருந்தால் அந்தச் சந்தேகமும் போயிருக்கும்.

எர்த் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, மூன்று விளக்குள்ள சாக்கெட் டெஸ்டர் ஒன்று கடையில் கிடைக்கும். ஒவ்வொரு சாக்கெட்டிலும் செருகினால் ஃபேஸ், நியூட்ரல் மாறியிருப்பதும் எர்த் இல்லாததும் தெரிந்துவிடும். எர்த் எவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்பதை அது சொல்லாது. ஆர்சிசிபியில் 'டி' என்று ஒரு பொத்தான் இருக்கும். மின்சாரம் இருக்கும்போது அழுத்தினால் கரண்ட் போக வேண்டும்.

அப்போ எந்தெந்த நேரத்துல சைட்டுக்குப் போகணும்? எல்லா வாரமும் போக முடியாதே.

ஒரு பொருள் மூடப்படுவதற்கு முந்தைய நாள் போங்கள். அப்படி நான்கு தடவை போதும்: உங்கள் மாடியின் ஸ்லாப் கான்கிரீட்டுக்கு முன், சுவரைக் கீறிப் பைப் பதித்துப் பூச்சு பூசுவதற்கு முன், குளியலறையில் வாட்டர்புரூஃபிங் முடிந்து டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், கடைசியாக வயர் இழுக்கும்போது. சைட் இன்ஜினியரிடம் முன்கூட்டிச் சொல்லி அனுமதி வாங்கி, ஹெல்மெட் போட்டுக்கொண்டு போங்கள். அவரிடம் நல்லபடியாகப் பேசினால் தேதியை அவரே போனில் சொல்வார்.

ஒவ்வொரு சுவரையும் நேராக நின்று, ஓரத்தில் ஒரு டேப்பை விரித்து வைத்துப் படம் எடுங்கள். பின்னாளில் அலமாரிக்கு டிரில் போடும்போது தண்ணீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்று இந்தப் படம்தான் சொல்லும். எங்கள் பிளாக்கில் இந்தப் படம் இல்லாமல் குழாயில் துளை போட்டவர்கள் மூன்று பேர்.

தண்ணிக் குழாய் விஷயத்துல சிபிவிசி, யுபிவிசின்னு குழப்பமா இருக்கு. எதைப் பார்க்கணும்?

கீசரிலிருந்து வரும் லைன் சிபிவிசியாக இருக்க வேண்டும். சாதாரண யுபிவிசி சூட்டில் இளகும். சிபிவிசி வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளையாக இருக்கும், பக்கத்தில் ஐ.எஸ். 15778 என்று அச்சிருக்கும். பூச்சுக்கு முன் குழாயில் அழுத்தம் ஏற்றி மானியைப் பார்ப்பார்கள். முள் இரவு முழுக்க இறங்காமல் நின்றதா என்று கேளுங்கள்.

பாத்ரூம் கீழ் வீட்டுக்கு ஒழுகாதுன்னு எப்படி நம்பறது?

நம்ப வேண்டாம், தண்ணீர் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பெசிஃபிகேஷனில் 'வாட்டர்புரூஃபிங் செய்யப்படும்' என்பதோடு 'தண்ணீர் தேக்கிச் சோதித்துக் காட்டப்படும்' என்றும் சேர்க்கச் சொல்வேன். டைல்ஸுக்கு முன், கழிவுநீர் வழியை அடைத்து, தரையில் ஒன்றிரண்டு அங்குலம் தண்ணீர் கட்டுவார்கள். சுவரில் மட்டத்தைப் பென்சிலால் குறித்து 48 மணி நேரம் விட வேண்டும். ஆவியாகிக் கொஞ்சம் குறைவது இயல்பு. தீர்ப்பு சொல்வது கீழ்மாடியின் கூரை: பைப் ஸ்லாபைத் துளைத்து இறங்கும் இடத்தைச் சுற்றியும் சுவர் ஓரத்திலும் ஈரத் திட்டு தெரிந்தால் தோல்வி. ஒழுகல் ஆரம்பிப்பதும் பெரும்பாலும் அந்தப் பைப் ஓரங்களில்தான்.

டைல்ஸ் ஒட்டிய பின் சரிவைப் பாருங்கள். கதவோரத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் தானாகத் தண்ணீர் வடியும் ஜாலியை நோக்கி ஓட வேண்டும். மூலையில் குட்டை கட்டினால் அந்த இடத்துக்குச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போடுங்கள். குளியலறைத் தரை அறைத் தரையைவிடக் கொஞ்சமாவது தாழ்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் குளித்த தண்ணீர் படுக்கையறைக்கு வரும். டைல்ஸ் ஒட்டியபின் சரிவைத் திருத்துவதென்றால் பெயர்ப்பதைத் தவிர வழி இல்லை. அதனால்தான் பில்டர்கள் 'வைப்பர் போட்டுத் தள்ளினா போயிடும் சார்' என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

தரையில 'வெட்ரிஃபைட் டைல்ஸ்'னுதான் இருக்கு, அதைத்தான் போட்டிருக்காங்க. ஆனா மாடல் ஃபிளாட் மாதிரி இல்லையே?

வெட்ரிஃபைடில் பல ஜாதி. 'டபுள் சார்ஜ்' என்பதில் மேல் நிற அடுக்கு சுமார் 3 மி.மீ. கனத்துக்கு இருக்கும், தேய்ந்தாலும் நிறம் போகாது. இன்னொரு வகை, டிசைன் மேலே அச்சிட்டு மெல்லிய கிளேஸ் பூசியது. அழகாக இருக்கும், ஆனால் மேலே சில்லு போனால் அடியில் இருக்கும் வேறு நிறம் தெரியும். சைட்டில் கிடக்கும் வெட்டுத் துண்டு ஒன்றை எடுத்து விளிம்பைப் பாருங்கள், எந்த வகை என்று தெரிந்துவிடும். ஒப்பந்தத்தில் வகையை எழுதவில்லையென்றால் மாடல் ஃபிளாட்டில் எடுத்த படம்தான் உங்கள் ஆதாரம். இரண்டாவது கேள்வியைப் பாருங்கள்.

ஒட்டிய விதத்துக்கு, நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸின் நான்கு மூலையையும் நடுவையும் தட்டுங்கள். 'டொக்'கென்று வெற்று ஓசை வந்தால் அடியில் கலவை இல்லை. மூலையில் வெற்று ஓசை வரும் டைல்ஸ், கனமான ஏதாவது விழுந்தால் அங்கேதான் உடையும்.

கான்கிரீட், கம்பி தரமெல்லாம் நான் எப்படிப் பார்க்கறது?

கண்ணால் முடியாது. 'எம் 25' என்றால் 28 நாள் கழித்து அந்தக் கான்கிரீட் கட்டி ஒரு சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன் தாங்க வேண்டும் என்று பொருள். ஊற்றும்போதே 15 செ.மீ. அச்சில் கட்டிகள் எடுத்துச் சோதிப்பார்கள். உங்கள் மாடி ஸ்லாபின் 28 நாள் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். தேதி, எந்த இடத்துக் கான்கிரீட் என்ற விவரம் இரண்டும் அதில் இருக்க வேண்டும். கம்பியிலோ நிறுவனப் பெயரும் தரமும் பதிந்தே வரும், அதைப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

கதவு, பெயிண்ட்?

வெளிக்கதவு 'தேக்கு' என்றால் நிலை மட்டும் தேக்கா, கதவும் முழுத் தேக்கா, தேக்கு வெனீர் ஒட்டிய ஃபிளஷ் டோரா என்று கேளுங்கள். கதவின் மேல் விளிம்பில் பெரும்பாலும் பெயிண்ட் பட்டிருக்காது. ஸ்டூல் போட்டு ஏறினால் உள்ளே என்ன மரம் என்று தெரியும். பெயிண்டுக்கு ஈரத்துணி: அழுத்தித் துடைத்தால் மாவு மாதிரி வந்தால் அது எமல்ஷனாக இருக்க வாய்ப்பு குறைவு, டிஸ்டெம்பராக இருக்கலாம். கூரைக்கு டிஸ்டெம்பர் என்று பட்டியலிலேயே இருக்கும், அதற்குச் சண்டை போடாதீர்கள்.

செங்கல்னு எழுதிட்டு நடுவுல ஏஏசி பிளாக்குக்கு மாத்திட்டாங்க. கேக்க முடியுமா?

கேட்கலாம். ரெராவின் 14(2) பிரிவின்படி, உங்கள் வீட்டைப் பொறுத்த ஸ்பெசிஃபிகேஷனையும் பொருத்தும் பொருட்களையும் உங்கள் முன் ஒப்புதல் இல்லாமல் மாற்றக் கூடாது. கட்டுமானக் காரணத்துக்காகச் சின்ன மாற்றம் என்றால் ஆர்க்கிடெக்ட் அல்லது இன்ஜினியர் பரிந்துரைத்து, உங்களுக்கும் தெரிவித்துச் செய்யலாம் என்று விதிவிலக்கு உண்டு. சுவரின் பொருளையே மாற்றுவது 'சின்ன' மாற்றமா என்பதில்தான் வாதம்.

ஏஏசி என்பது உள்ளே காற்றுக் குமிழிகள் உள்ள கான்கிரீட் கட்டி. மோசமான பொருள் இல்லை. எடை குறைவு. ஆனால் கனமான அலமாரி மாட்ட அதற்கென்று தனி ஆங்கர் வேண்டும், பூச்சில் கவனக்குறைவு இருந்தால் விரிசல் வரும். மாற்றத்தை ஏற்பதாக இருந்தால், தெரிந்ததும் எழுதி, பதிலுக்கு என்ன தருகிறார்கள் என்று பேசுங்கள். எல்லாம் முடிந்து ஆறு மாதம் கழித்துக் கேட்டால், பேசாமல் இருந்ததே சம்மதம் என்பார்கள்.

சாவி கொடுக்கற அன்னிக்கு 'திருப்தியாகப் பெற்றுக்கொண்டேன்'னு கையெழுத்து கேக்கறாங்க. போடலாமா?

அப்படியே போடாதீர்கள். அதற்கு முன் ஒரு நாள் பகலில், மின்சாரமும் தண்ணீரும் இருக்கும்போது, ஒப்பந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் பாருங்கள். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும். சரியானது, இல்லாதது, வேறாக இருப்பது, இருந்தும் பழுதானது என்று நான்கு குறி போதும். இல்லாததையும் வேறாக இருப்பதையும் தனியாகப் பிரித்து எழுதுங்கள். அவை ஒப்பந்த மீறல். பெயிண்ட் திட்டு மாதிரியான சில்லறை வேலைகளோடு கலந்தால் அவற்றுக்குள் காணாமல் போய்விடும்.

அந்தப் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, கையெழுத்துக்கு மேலே 'இன்ன தேதியிட்ட குறைப் பட்டியலுக்கு உட்பட்டு' என்று பேனாவால் எழுதிப் போடுங்கள். நான் அப்படித்தான் எழுதினேன். முகம் சுளித்தார்கள், வாங்கிக்கொண்டார்கள்.

குறை சரியாகற வரைக்கும் கடைசித் தவணையைக் கட்டாம வச்சுக்கலாமா?

கட்டாமல் பேசுவதுதான் பலம் என்று எல்லோருக்கும் தோன்றும். ஆனால் ஒப்பந்தப்படி நேரத்துக்குப் பணம் கட்டுவது வாங்குபவரின் கடமை என்றும், தாமதித்தால் வட்டி உண்டு என்றும் ரெராவின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. தன்னிச்சையாக நிறுத்தினால் குற்றம் உங்கள் பக்கம் திரும்பும். முதலிலேயே தவணை அட்டவணையில் '5 சதவீதம், குறைகள் சரிசெய்த பின்' என்று பேசி எழுதிக்கொண்டிருந்தால் பிரச்சினை இல்லை. எழுதவில்லையென்றால், குறைகளுக்கான தோராய மதிப்பைக் குறிப்பிட்டு அந்தத் தொகையை மட்டும் பிறகு தருவதாக எழுத்தில் ஒப்புதல் கேளுங்கள். கடன் வாங்கியிருந்தால் வங்கி பணத்தை விடுவிக்கும் முன் இதைச் செய்ய வேண்டும்.

குடிவந்து ரெண்டு வருஷமாச்சு. இப்பதான் பாத்ரூம் சுவர்ல ஈரம் தெரியுது. இனிமே ஒண்ணும் பண்ண முடியாதா?

முடியும். 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டமைப்பிலோ, வேலைப்பாட்டிலோ, தரத்திலோ குறை தெரிந்து நீங்கள் தெரிவித்தால், பில்டர் கூடுதல் கட்டணம் இல்லாமல் 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு. ஒப்பந்தத்தில் 'ஒரு வருட வாரண்டி' என்று எழுதியிருப்பதைக் காட்டி மறுத்தால் மயங்க வேண்டாம். சட்டம் தந்த 5 வருடத்தை அந்த வரி குறைத்துவிடாது. நீங்களே டைல்ஸைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டிருந்தால் மட்டும் வாதம் பலவீனமாகும்.

படத்தோடு எழுத்தில் தெரிவியுங்கள், தேதி முக்கியம். போனில் சொன்னது கணக்கில் வராது. 30 நாள் கழித்தும் ஆள் வரவில்லையென்றால் 31-ஆம் பிரிவின்கீழ் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். இழப்பீட்டுத் தொகையை முடிவு செய்வது அங்குள்ள தீர்ப்பு அலுவலர். என் வீட்டில் மூன்றாம் வருடம் ஈரம் வந்தபோது புகார் வரை போக வேண்டியிருக்கவில்லை. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் எடுத்த படத்தை அனுப்பினேன். பைப் ஓரத்தில் வாட்டர்புரூஃபிங் பூச்சு ஏறாதது அதில் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த வாரம் ஆள் வந்து பெயர்த்து, மறுபடியும் 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டினார்கள்.